கொலோனோஸ்கோப்பிக்குத் தயாராவது: குடலைச் சுத்தம் செய்யும் முறை

கொலோனோஸ்கோப்பி என்பது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் பரிசோதனை. குழாயை இயக்குவது மருத்துவர் வேலை. குடலைச் சுத்தமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. மலம் ஒட்டியிருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று எவ்வளவு திறமையான மருத்துவராலும் சொல்ல முடியாது. சுத்தம் போதாவிட்டால் பரிசோதனையைப் பாதியில் நிறுத்தி, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். மருந்து, பட்டினி, செலவு எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த அத்தியாயம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் மனிதருக்கானது. உங்கள் மருத்துவமனை கொடுத்த தாளில் இங்கே உள்ளதற்கு மாறாக ஏதாவது இருந்தால் அந்தத் தாளின்படியே நடந்துகொள்ளுங்கள்.

முதலில் மனத்தில் வைக்க வேண்டியது: மருந்தை இரண்டு பங்காகக் குடிக்க வேண்டும்

பேதி மருந்து முழுவதையும் முந்தைய இரவே குடித்து முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பரிசோதனை கெடுவதற்கு இது முக்கியமான காரணம். இரவு முழுவதும் பித்தநீரும் சிறுகுடலின் கசிவும் கீழிறங்கி, பெருங்குடல் தொடங்கும் வலது பக்கத்தில் பிசுபிசுப்பாகப் படிந்துகொண்டே இருக்கும். அந்த வலது பக்கத்தில்தான் தட்டையான பாலிப்புகள் எளிதில் கண்ணுக்குத் தப்பும். பாலிப் என்பது குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி. அவற்றில் சில வகைகள் பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடியவை.

ஆகவே பாதி மருந்து முந்தைய நாள் மாலை, மீதிப் பாதி பரிசோதனை நாள் விடியற்காலை. காலைப் பங்கைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு குடிக்கத் தொடங்கி, குறைந்தது 2 மணி நேரம் முன்பு முடித்துவிட வேண்டும். தூக்கம் கெடுகிறதே என்று இந்தப் பங்கைத் தவிர்த்தால் முந்தைய நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

ஒரு வாரம் முன்பு: மாத்திரைகள்

தேதி குறித்த அன்றே, நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு மருத்துவரிடம் காட்டுங்கள். பெயர் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை, அட்டையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். குறிப்பாக இந்த நான்கைக் கேளுங்கள்.

1. இரும்புச்சத்து மாத்திரை. இது மலத்தைக் கருப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைக்கும். வழக்கமாக 5 முதல் 7 நாள்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சத்து டானிக்குகளிலும் மல்டிவைட்டமின்களிலும் இரும்பு இருக்கலாம், பாட்டிலில் பாருங்கள்.

2. ரத்தத்தை இளக்கும் மருந்து. வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் ஒருவர் இதைத் தாமாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை இதய மருத்துவரும் பரிசோதனை செய்யும் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

3. சர்க்கரை மாத்திரை, இன்சுலின். வழக்கமான அளவில் எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். முந்தைய நாளுக்கும் அன்றைய காலைக்கும் தனித்தனியாக அளவு எழுதி வாங்குங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சில நாள்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். வாரம் ஒருமுறை போடும் சர்க்கரை அல்லது எடைக் குறைப்பு ஊசி இருந்தால் அதையும் சொல்லுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

4. ரத்த அழுத்த மாத்திரை. பெரும்பாலும் அன்று காலை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் சிறுநீர் அதிகம் பிரியவைக்கும் வகையை மட்டும் நிறுத்தச் சொல்லக்கூடும். கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எச்சரிக்கை: சிறுநீரகக் கோளாறு, இதயப் பலவீனம், அடிக்கடி வாந்தியோடு வயிறு உப்பிக்கொள்வது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பேதி மருந்து வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குடலில் அடைப்பு இருந்தால் இந்த மருந்தே ஆபத்து. கடையில் ஒரு வகை இல்லை என்று வேறு வகையைக் கொடுத்தால் வாங்கக் கூடாது. சோடியம் பாஸ்பேட் கரைசலால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2008-ல் எச்சரித்தது. முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அது ஏற்றதல்ல. பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது பாலிஎதிலின் கிளைக்கால் என்ற பொடி. கடைகளில் பெக் பவுடர் என்பார்கள். உடலில் உறிஞ்சப்படாமல், தான் கரைந்திருக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நேராகக் கீழே இறங்குவதுதான் அதன் வேலை. உப்புகளும் அதில் கலந்திருப்பதால் உடலின் உப்புச் சமநிலை அதிகம் குலையாது. இனி இந்த அத்தியாயத்தில் மருந்து என்று சொல்வது இந்தப் பொடியைத்தான்.

இரண்டு நாள் முன்பு: விதையும் நாரும் வேண்டாம்

மருந்தால் கரையாத இரண்டு பொருள்கள் விதையும் நாரும். தக்காளி விதை, கடுகு, எள் ஆகியவை அப்படியே குடலில் மிதந்து, குழாயில் உள்ள உறிஞ்சும் துளையை அடைத்துக்கொள்ளும். ஆரோக்கியம் என்று நாம் தினமும் தேடிச் சாப்பிடும் கீரையும் சிறுதானியமும் இந்த இரண்டு நாள் மட்டும் கூடாது.

*சாப்பிடலாம்:* வெள்ளரிசிச் சாதம், இட்லி, இடியாப்பம், மைதா ரொட்டி, ரவை உப்புமா (கடுகும் கறிவேப்பிலையும் இல்லாமல்), தயிர், மோர், முட்டை, ஆவியில் வேகவைத்த மீன், தோல் நீக்கி மசித்த உருளைக்கிழங்கு, வடிகட்டிய ரசம்.

*வேண்டாம்:* கீரை, முருங்கைக்காய், அவரை, கொத்தவரை, வெண்டைக்காய், கத்தரிக்காய், வெள்ளரி, தேங்காய்ச் சட்னி, சுண்டல், கடலை, கேழ்வரகு, கம்பு, தினை, கோதுமைச் சப்பாத்தி, கொய்யா, மாதுளை, திராட்சை, பப்பாளி, எள்ளுப்பொடி.

குறிப்பு: தாளிப்பில்தான் பெரும்பாலோர் தவறுவார்கள். தயிர்சாதம் பத்தியம் என்று நினைத்துச் சாப்பிடுவார்கள், அதில் கடுகும் கறிவேப்பிலையும் மாதுளை முத்தும் இருக்கும். சமைப்பவரிடம் "தாளிக்காமல் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு நாளும் அதை விட வேண்டும். பாக்குத் துகளும் சிவப்புச் சாறும் உள்ளே போகும்.

மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இரண்டு நாள் போதாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை சிரமப்பட்டு மலம் கழிப்பவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்னதாகவே மலமிளக்கி தொடங்கச் சொல்லலாம், அல்லது பேதி மருந்தின் அளவைக் கூட்டலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்களே பரிசோதனை மேசையில் அதிகம் ஏமாற்றமடைகிறார்கள்.

முந்தைய நாள்: ஒளி ஊடுருவும் திரவம் மட்டும்

காலையில் இட்லி அல்லது இடியாப்பம், பகல் 12 மணிக்குள் தாளிக்காத தயிர்சாதம் ஒரு சிறு கிண்ணம் என்று சில மருத்துவமனைகள் அனுமதிக்கும். சில மருத்துவமனைகள் காலையிலிருந்தே திரவம் மட்டும் என்று சொல்லும். எதுவாக இருந்தாலும் மதியத்துக்குப் பிறகு திட உணவு ஒரு வாய் கூடக் கூடாது.

எந்தத் திரவம் சரி என்பதற்கு எளிய சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் ஊற்றி அதன் வழியாக அடுத்த பக்கத்தில் வைத்த செய்தித்தாளைப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் குடிக்கலாம்.

*குடிக்கலாம்:* தண்ணீர், இளநீர் (வழுக்கையை நீக்கி வடிகட்டியது), பால் விடாத தேநீர், பால் விடாத காபி, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு சர்க்கரையும் உப்பும் சேர்த்து, தெளிவான ஆப்பிள் சாறு, மேல் தெளிவு மட்டும் எடுத்த மிளகு ரசம், தெளிந்த கோழிச் சாறு.

*வேண்டாம்:* பால், மோர், கெட்டிக் கஞ்சி, கூழ், ஆரஞ்சு போன்ற சதைப்பகுதி உள்ள சாறு. சிவப்பு, ஊதா நிறப் பானங்களை அறவே ஒதுக்குங்கள். ரோஸ் மில்க், திராட்சைச் சாறு, பீட்ரூட் சாறு ஆகியவற்றின் நிறம் குடலில் ரத்தம்போலத் தெரியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரில் உள்ள பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

பட்டினியில் தலைசுற்றல் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் உப்பும் சர்க்கரையும் குறைவதுதான். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் எலுமிச்சைச் சாறு, இளநீர், ரசத் தெளிவு என்று மாற்றி மாற்றி, விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு டம்ளர் வீதம் குடியுங்கள்.

மாலைப் பங்கு: கலக்குவதும் குடிப்பதும்

நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டிய பெரிய பாக்கெட். சில மருத்துவமனைகளில் இரண்டு பாக்கெட் எழுதுவார்கள். பாக்கெட்டின் மேலுள்ள அளவையும் மருத்துவர் எழுதிய அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2 லிட்டர் கணக்கில் படிகள் இவை:

1. கொதித்து ஆறிய தண்ணீரில் 2 லிட்டர் அளந்து மூடியுள்ள பாத்திரத்தில் எடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை இரண்டு முறை நிரப்பினால் அளவு தவறாது.

2. பாக்கெட் முழுவதையும் கொட்டி, பொடி கரைந்து தண்ணீர் தெளியும்வரை கலக்குங்கள். சர்க்கரை சேர்க்காதீர்கள். குடலில் உள்ள கிருமிகள் அதை நொதிக்கவைத்து எரியக்கூடிய வாயுவை உண்டாக்கும். மின்சாரத்தால் பாலிப் வெட்டும்போது அது ஆபத்து.

3. குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிரவையுங்கள். குளிர்ந்த மருந்தில் உவர்ப்பு குறைவாகத் தெரியும். ஆனால் முதியவர்களுக்கும் நடுக்கம் வருபவர்களுக்கும் அறை வெப்பநிலையே நல்லது. ஒரு லிட்டரைப் பனிக்கட்டிபோல் குளிரக் குடித்தால் உடல் சில்லிட்டு உதறும்.

4. மாலை 6 அல்லது 7 மணிக்குத் தொடங்குங்கள். 250 மில்லி டம்ளரில் 15 நிமிடத்துக்கு ஒன்று. நான்கு டம்ளர் ஆனால் 1 லிட்டர், அதாவது ஒரு மணி நேரம். ஒவ்வொரு டம்ளரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பிக் குடித்தால் சுவையும் குமட்டலும் கூடும். உறிஞ்சு குழலை நாக்கின் பின்பக்கம் வைத்து ஒரே மூச்சில் இழுங்கள். முடிந்ததும் ஒரு வாய் எலுமிச்சைத் தண்ணீர்.

5. டம்ளர்களுக்கு இடையில் உட்கார்ந்தே இருக்காமல் வீட்டுக்குள் நடங்கள். குடல் அசைந்து கொடுக்கும்.

6. மீதி 1 லிட்டரை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

முதல் மலம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வரும், சிலருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். அதன்பின் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். நள்ளிரவுக்குள் வேகம் அடங்கிச் சில மணி நேரம் தூங்கலாம்.

கழிப்பறையை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று மாலையிலேயே பாருங்கள். இரவு விளக்கு எரிய வேண்டும், தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு உட்கார்ந்து செல்லும் கழிப்பறை அவசியம், அடிக்கடி குந்தி எழுந்தால் தள்ளாடிவிடுவார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர் தனியாக இருக்கக் கூடாது. கதவைத் தாழிடாமல் சாத்தினால் போதும். ஆசனவாய் எரிச்சலைத் தவிர்க்க ஆரம்பத்திலேயே வாசலைன் அல்லது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். துடைக்காமல் தண்ணீரில் கழுவி மென்துணியால் ஒற்றியெடுங்கள்.

விடியற்காலைப் பங்கு

இரவு வைத்த 1 லிட்டரையும் அதே வேகத்தில் குடிக்க வேண்டும். பரிசோதனை 11 மணிக்கு என்றால் 5.30-க்குத் தொடங்கி 6.30-க்குள் முடியுங்கள். 8 மணிப் பரிசோதனை என்றால் 3 மணிக்கே எழுந்தாக வேண்டும். நேரம் குறிக்கும்போதே இதை யோசித்து, தூக்கம் பொறுக்காதவர்கள் முற்பகலின் பிற்பகுதி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்து முடிந்தபின் தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்பதை மருத்துவமனையின் தாளில் பாருங்கள். மயக்க ஊசி இருப்பதால், பொதுவாகப் பரிசோதனைக்கு 2 மணி நேரம் முன்பு ஒரு சொட்டும் இல்லாமல் நிறுத்துவார்கள். சூயிங்கமும் புகையும் கூட அப்போது வேண்டாம்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்ப்பது எப்படி?

எத்தனை முறை போனது என்பது கணக்கில்லை. கடைசியாக வெளியேறியதன் தெளிவுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் கழிப்பறையைப் பார்த்துவிட்டே தண்ணீர் ஊற்றுங்கள்.

- பழுப்பு நிறத்தில் கட்டியாக: இப்போதுதான் ஆரம்பம்.
- பழுப்பு நிறக் கலங்கல் தண்ணீர்: பாதிகூட ஆகவில்லை.
- மஞ்சள் நிறம், மிதக்கும் துணுக்குகள்: இரண்டாம் பங்கு முடியட்டும்.
- சிறுநீர்போலத் தெளிந்த மஞ்சள் தண்ணீர், அடி தெரியும்: சுத்தமாகிவிட்டது. அந்த மஞ்சள் பித்தநீரின் நிறம், அதனால் கவலை வேண்டாம்.

தெளிந்துவிட்டது என்று மாலைப் பங்கோடு நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன காரணத்தால், இரவு தெளிந்த குடல் காலையில் மறுபடியும் கலங்கியிருக்கும். இரண்டாம் பங்கும் முடிந்து இன்னும் கலங்கலாகவே இருந்தால் மருத்துவமனைக்குப் போனதும் செவிலியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எனிமா கொடுக்கலாம், நேரத்தைப் பின்தள்ளலாம். மறைத்தால் மேசையில்தான் தெரியவரும்.

எதிர்பாராதது நடந்தால்

குமட்டல், வாந்தி: அரை மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு 250 மில்லிக்குப் பதில் 100 மில்லியாக, 10 நிமிட இடைவெளியில் தொடருங்கள். வாந்தி தடுக்கும் மாத்திரையை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருந்தால் அப்போது உதவும். மருந்தில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று மணி நேரமாகியும் மலம் வரவில்லை: வயிற்றில் வலியில்லை என்றால் நடந்துகொண்டு, தெளிந்த திரவம் குடித்துக் காத்திருங்கள். வயிறு கல்லாக உப்பி, வலி கூடிக்கொண்டே போனால் ஒரு மிடறும் குடிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரை நோயாளிக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு: குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மருந்து குடிக்கும் நேரம் என்று தள்ளிப்போட வேண்டாம். நீரை நிறுத்த வேண்டிய நேரத்தில் இது நடந்தாலும் குடித்துவிட்டு, மயக்க மருத்துவரிடம் எப்போது குடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

உடனே அவசரப் பிரிவுக்கு: மயங்கி விழுவது, நெஞ்சு வலி, நிற்காத வாந்தி, மலத்தோடு ரத்தம் கொட்டுவது.

மாதவிடாய்: அன்றைக்கு வந்துவிட்டால் பரிசோதனையைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. செவிலியரிடம் சொன்னால் போதும்.

ஒருவரின் கணக்கு: பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு

61 வயதுப் பெண்மணி. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, நாலு நாளுக்கு ஒருமுறை மலம். திருச்சியில் வியாழன் காலை 11 மணிக்குப் பரிசோதனை. இது படிகளை எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று காட்டும் உதாரணம், அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முந்தைய வியாழன்: இரும்பு மாத்திரை நிறுத்தம். மலச்சிக்கலைச் சொன்னதால் தினமும் இரவில் மலமிளக்கி எழுதிக் கொடுக்கப்படுகிறது.

திங்கள், செவ்வாய்: தாளிக்காத உணவு, கீரையும் காயும் இல்லை.

புதன் பகல்: காலை 7.30-க்கு இரண்டு இட்லி, வழக்கமான சர்க்கரை மாத்திரை. பகல் 12-க்குச் சிறு கிண்ணம் தயிர்சாதம். இங்கே ஒரு முக்கியமான முடிவு: பெரம்பலூரிலிருந்து திருச்சி பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். காலைப் பங்கைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏற முடியாது. அதனால் புதன் பகலே புறப்பட்டு, 4 மணிக்கெல்லாம் திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறார். அப்படி வீடு இல்லாதவர்கள் மருத்துவமனைக்கு அருகே, அறைக்குள்ளேயே கழிப்பறை உள்ள விடுதியில் முந்தைய இரவு தங்க வேண்டும். பொதுக் கழிப்பறை உள்ள விடுதி உதவாது.

புதன் இரவு: 7 முதல் 8 வரை நான்கு டம்ளர் மருந்து. இரவுச் சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். 9 மணிக்கு மீட்டரில் 118. 8.15-லிருந்து 11.30 வரை பலமுறை கழிப்பறை. படுக்குமுன் ஒரு டம்ளர் இளநீர்.

வியாழன்: 5.30 முதல் 6.30 வரை மீதி நான்கு டம்ளர். மூன்றாவது டம்ளரில் லேசான குமட்டல், சற்று நிறுத்தித் தொடர்கிறார். 6.45-க்கு மீட்டர் 96. 7 மணிக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒரு வாய்த் தண்ணீரில். 8 மணிக்கு வெளியேறியது தெளிந்த மஞ்சள். 8.30-க்குப் பால் விடாத தேநீர் சர்க்கரையோடு அரை டம்ளர், 9-க்கு மேல் எதுவுமில்லை. 9.30-க்கு மகளோடு ஆட்டோவில் புறப்பட்டு 10-க்கு மருத்துவமனை. பையில் ஒரு மாற்றுப் புடவை, உள்ளாடை, பெரிய நாப்கின். வழியில் அவசரம் வந்தால் அவை காப்பாற்றும்.

மருத்துவமனையில் நடப்பது

1. கூட வரும் ஒருவர் கட்டாயம். மயக்க ஊசிக்குப் பிறகு தனியாக அனுப்ப மாட்டார்கள்.
2. நகை, பல்செட், நகப்பூச்சு நீக்கிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நகப்பூச்சால் தவறாகக் காட்டலாம்.
3. ஒவ்வாமை, முந்தைய அறுவைச் சிகிச்சை, பேஸ்மேக்கர், கடைசியாக என்ன எப்போது குடித்தீர்கள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திடுங்கள். பாலிப் இருந்தால் அப்போதே எடுப்பதற்கும் அதில் ஒப்புதல் கேட்பார்கள்.
4. கையில் ஊசி ஏற்றுவார்கள். இடது பக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுக்கவேண்டும். மயக்க மருந்துக்குப் பிறகு பெரும்பாலோருக்கு நடந்தது நினைவிருக்காது. லேசான மருந்து மட்டும் கொடுத்தால், குடலில் காற்றோ கரியமில வாயுவோ நிரப்பும்போது வயிறு உப்பி இழுப்பதுபோல் இருக்கும்.
5. பரிசோதனை பெரும்பாலும் அரை மணி நேரம். பாலிப் எடுத்தால் கூடலாம். குழாயை உள்ளே கொண்டுபோவதைவிட வெளியே இழுக்கும்போதுதான் மருத்துவர் கவனமாகப் பார்ப்பார். அதற்குக் குறைந்தது 6 நிமிடம் எடுக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவுகோல். சிறு சதை எடுத்தாலும் பாலிப் வெட்டினாலும் வலி தெரியாது, குடலின் உட்சுவருக்கு வெட்டும் வலியை உணரும் தன்மை இல்லை.

பரிசோதனைக்குப் பிறகு

ஒன்றிரண்டு மணி நேரம் ஓய்வறையில் இருப்பீர்கள். வயிறு உப்பியிருக்கும். காற்று வெளியேறினால்தான் சரியாகும், அடக்காதீர்கள். எழுந்து நடந்தால் சீக்கிரம் போய்விடும். முதலில் இளநீர், பிறகு இட்லி, தயிர்சாதம் என்று தொடங்குங்கள். சர்க்கரை மாத்திரையை எப்போது மறுபடி ஆரம்பிப்பது, நிறுத்திய ரத்த இளக்கியை எந்தத் தேதியில் தொடர்வது என்று எழுதி வாங்காமல் புறப்படாதீர்கள். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவதும் மதுவும் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் கூடாது.

சதை எடுத்திருந்தால் முதல் ஓரிரு முறை மலத்தில் ரத்தச் சாயல் தெரியலாம். ரத்தம் அதிகமாகக் கொட்டினாலோ, கட்டிக் கட்டியாக வந்தாலோ, வயிற்றுவலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம்வரைகூட ரத்தம் கசியலாம். அதுவரை நீண்ட பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

அறிக்கை கையில் கிடைத்ததும் இரண்டு விவரங்களைத் தேடுங்கள். ஒன்று, குழாய் பெருங்குடலின் தொடக்கம்வரை போனதா என்பது. இன்னொன்று, குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது. பல இடங்களில் பாஸ்டன் அளவுகோலில் இதைக் குறிப்பார்கள். குடலை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 9. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 2 இருந்தால் தயாரிப்பு போதுமானது. ஏதாவது ஒரு பகுதியில் 1 அல்லது 0 இருந்தால், "எதுவும் இல்லை" என்ற முடிவை அந்தப் பகுதிக்கு நம்ப முடியாது. அடுத்த பரிசோதனை எப்போது என்று மருத்துவரிடமே கேளுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை அதைக் காட்டினால், எந்த மருந்து, எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவும்.